வாசலில் நின்றபடியே குறை தெரிய வேண்டும்: சின்ன ஸ்டோர் அறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சுங்கை சிப்புட்டில் எங்களுடையது சின்ன மோட்டார் பட்டறை. என் கணவரும் வேலைக்கு வைத்திருக்கும் இரண்டு தம்பிகளும் முன்னால் வேலை பார்க்கிறார்கள். பின்னால் பத்தடிக்கு எட்டடி அளவில் ஒரு ஸ்டோர் அறை இருக்கிறது, அது என் பொறுப்பு. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து கப்சாய் மோட்டார்கள் வரும், புல்வெட்டும் இயந்திரங்கள் வரும், மருந்தடிக்கும் தோள் பம்புகளும் வரும்.

இந்த ஊரில் வேலை மாலை நாலரைக்கு மேல்தான் சூடு பிடிக்கும். தோட்டத்து ஆள் வேலை முடிந்து, பஞ்சரான மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வருவார். மறுநாள் விடியுமுன் அவர் பெரட்டுக்கு நிற்க வேண்டும். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு குரல்: "அக்கா, டியூப் முடிஞ்சிருச்சுக்கா." அவருக்கு ஒரு நாள் சம்பளம் போகும், எங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் போவார். டியூப் குறைந்துகொண்டே வந்தது ஒரு வாரமாக நடந்திருக்கிறது, ஆனால் யார் கண்ணிலும் படவில்லை. டப்பாவுக்குள் கைவிட்டுத் துழாவிய பிறகுதான் தெரிந்தது.

நான் முதலில் நோட்டுப் புத்தகம் வைத்துப் பார்த்தேன். கையெல்லாம் கிரீஸோடு பொருள் எடுப்பவர் நோட்டில் எழுதமாட்டார், அதை அவர் குற்றமென்று சொல்ல முடியாது. அதனால் பொருள் இருக்கும் இடமே குறையைச் சொல்லும்படி அறையை மாற்றினேன். எப்படிச் செய்தேன் என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். மளிகைக் கடையின் பின்னறைக்கும் கோயில் மடப்பள்ளிக்கும் இதே முறை பொருந்தும், எண்ணிக்கை மட்டும் மாறும்.

வண்ணத்துக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்

அறையை ஒழுங்கு செய்யத் தொடங்கும்போது எல்லாரும் செய்யும் தவறை நானும் செய்தேன். மின்சாரச் சாமான்களுக்கு நீலத் தட்டு, பிரேக் சாமான்களுக்குச் சிவப்புத் தட்டு, எண்ணெய்க்கு மஞ்சள், போல்ட்டு நட்டுக்குப் பச்சை என்று வகைக்கு ஒரு வண்ணம் பிரித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வாசலில் நின்று பார்த்தால் எது தீரப்போகிறது என்று தெரியவே இல்லை. அறை நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் அதே நாலு வண்ணங்கள்தான் கண்ணில் பட்டன. பிரேக் தட்டு எப்போதுமே சிவப்பாக இருந்ததால், "சிவப்பு என்றால் வாங்க வேண்டும்" என்று யாருக்கும் சொல்லித்தரவும் முடியவில்லை.

அதனால் எல்லாத் தட்டுகளுக்கும் வெள்ளைச் சாயம் அடித்துவிட்டேன். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பதை எண்கள் சொல்லும். சிவப்புக்கு எங்கள் அறையில் ஒரே அர்த்தம்தான்: "இது கையிருப்பின் கடைசிப் பகுதி." அந்தப் பகுதி நிறைந்திருக்கும்வரை பொருள்களே சிவப்பை மறைத்துக்கொண்டிருக்கும். குறையக் குறையச் சிவப்பு வெளியே தெரியும். எல்லாம் நிறைந்த நாளில் அறையில் துளிச் சிவப்புகூடக் கண்ணில் படக்கூடாது. இந்த முறையின் உயிரே இதில்தான் இருக்கிறது.

எங்களிடம் முன்பு வேலை செய்த ஒரு தம்பிக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. ஆண்களில் சிலருக்குப் பிறவியிலேயே இப்படி இருக்கும், அவர்களே அதை வெளியில் சொல்வதில்லை. அதனால் சிவப்புச் சாயம் காய்ந்ததும் அதன்மேல் கறுப்பில் சாய்வுக் கோடுகள் போட்டேன். வண்ணம் தெரியாதவருக்குக் கோடு தெரியும். பச்சையை அறைக்குள் கொண்டுவரவே இல்லை. பழைய மஞ்சள் குண்டு பல்பையும் கழற்றிவிட்டு வெள்ளை எல்இடி விளக்கு மாட்டினேன். மங்கிய மஞ்சள் வெளிச்சத்தில் வண்ணங்களைப் பிரித்துப் பார்ப்பது நல்ல கண்ணுக்கே சிரமம்.

இதே முறையைத் தோட்டத்து மருந்து ஸ்டோருக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மலேசியாவில் பூச்சிமருந்து, களைக்கொல்லிப் போத்தல்களின் லேபலில் உள்ள வண்ணப் பட்டை நச்சின் அளவைக் காட்டுவது. கறுப்பும் சிவப்பும் மிகக் கடுமையானவை, அதற்கடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் வெள்ளை. அந்த அறையில் உங்கள் சொந்தச் சிவப்பைக் கொண்டுபோய் வைத்தால் இரண்டு அர்த்தங்கள் மோதும், அது ஆபத்து. அங்கே வண்ணத்தை விட்டுவிட்டு அட்டையை மட்டும் பயன்படுத்துங்கள். அட்டை எப்படி வேலை செய்கிறது என்று கீழே சொல்கிறேன். மருந்தையும் மற்றச் சாமான்களையும் ஒரே அறையில் எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள்.

முதல் ஞாயிறு: எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்

பட்டறை மூடியிருக்கும் நாளாகப் பார்த்து, அறையிலுள்ள அத்தனையையும் முன்னால் கேன்வாஸ் விரித்துப் பரப்புங்கள். பாதியை உள்ளே விட்டுவிட்டு ஒழுங்கு செய்ய முடியாது. ஒரே வகைப் பொருள்களை ஒரே குவியலாகச் சேருங்கள். எங்களுக்கு அன்று கிடைத்த பாடம் இது: ஒரே பிளக் மூன்று வெவ்வேறு இடங்களில், மூன்று திறந்த பெட்டிகளில் இருந்தது. ஒரு பெட்டி கண்ணில் படாதபோதெல்லாம் நான் புதிதாக வாங்கியிருக்கிறேன். குறை எப்படிக் கண்ணில் படவில்லையோ அப்படியே மிகுதியும் படவில்லை.

ஒரு வருடமாக யாரும் தொடாத சாமான்களைத் தனிப் பெட்டியில் போட்டு, தேதி எழுதி, அறைக்கு வெளியே வையுங்கள். மூன்று மாதத்தில் யாரும் தேடவில்லையென்றால் விற்றுவிடலாம்.

இரண்டு வாரம் கோடு போடுங்கள்

எது எவ்வளவு போகிறது என்று தெரியாமல் சிவப்புப் பகுதியின் அளவைத் தீர்மானிக்க முடியாது. நினைவை நம்பாதீர்கள். அதிகம் போவதாக நான் நினைத்திருந்த பொருள் உண்மையில் வாரத்துக்கு இரண்டுதான் போனது. ஒரு பெரிய அட்டையைக் கதவில் ஒட்டி, பொருள் பெயர்களை எழுதி, பக்கத்தில் பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பொருளை எடுப்பவர் ஒரு கோடு போட்டால் போதும், நாலு கோட்டுக்கு மேல் குறுக்குக்கோடு. நோட்டில் எழுதாத தம்பிகள் கோடு போடுவார்கள். எங்கள் தம்பிகள் போட்டார்கள்.

அந்த இரண்டு வாரங்களில் ஒன்று சம்பள வாரமாக இருக்கட்டும். மலேசியச் சட்டப்படி மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். ஆகவே தோட்ட ஊர்களில் அந்தத் தேதியை ஒட்டித்தான் ஆட்கள் தள்ளிப்போட்ட பழுதுகளைப் பார்க்க வருவார்கள். எங்கள் கணக்கில் 2.50-17 அளவு டியூப் சாதாரண வாரத்தில் 12 போனது, சம்பள வாரத்தில் 18 போனது.

சிவப்பு எங்கே தொடங்க வேண்டும்: டியூப் கணக்கு

இந்த ஒரு கணக்கை முழுதாகப் பார்த்துவிட்டால் மற்றப் பொருள்களுக்கு நீங்களே போட்டுவிடலாம்.

எங்களுக்குச் சாமான் ஈப்போவிலிருந்து வருகிறது. லோரி வியாழக்கிழமை காலை பதினொரு மணிவாக்கில் வரும். அந்த லோரியில் ஏற வேண்டுமானால் செவ்வாய் நண்பகலுக்குள் சொல்லிவிட வேண்டும். இதில் மிக மோசமான சந்தர்ப்பம் எது? செவ்வாய் மத்தியானம், சொல்லும் நேரம் தாண்டிய பிறகு, பொருள் குறைந்திருப்பது தெரியவருவதுதான். அப்போது இந்த வியாழன் லோரியில் அது வராது. அடுத்த செவ்வாய் சொல்லி, அதற்கடுத்த வியாழன்தான் வரும். ஞாயிறு விடுமுறையைக் கழித்தால் ஏறக்குறைய எட்டு வேலை நாள்கள். அந்த எட்டு நாளைக்கு வேண்டிய டியூப், குறை தெரியும் கணத்தில் கையில் இருக்க வேண்டும்.

நாளைக்கு எத்தனை என்பதற்குச் சராசரியை எடுக்காதீர்கள், சம்பள வாரத்தின் எண்ணிக்கையை எடுங்கள். வாரத்துக்கு 18 என்றால் நாளைக்கு 3. எட்டு நாளைக்கு 24. சராசரியை எடுத்துவிட்டு "பாதுகாப்புக்குக் கொஞ்சம்" என்று தோன்றிய எண்ணைக் கூட்டுவதைவிட, உண்மையிலேயே நடந்த மோசமான வாரத்தை வைத்துக் கணக்குப் போடுவது நேர்மையானது. யாராவது கேட்டால் காரணமும் சொல்லலாம்.

ஆகச் சிவப்புப் பகுதி 24. ஒரு தடவை வாங்குவது 36. இரண்டையும் கூட்டினால் 60, ஆகவே தட்டில் 60 டியூப் பெட்டிகளுக்கு இடம் விட்டால் போதும். அதற்கு மேல் இடம் விடாதீர்கள். இடமிருந்தால் வாங்கி நிரப்பத் தோன்றும். டியூப் ரப்பர், வருடக்கணக்கில் கிடந்தால் வெடிப்பு விடும். வெயில் படும் சன்னலருகிலும் வெல்டிங் செய்யும் இடத்தருகிலும் ரப்பர் சாமான் வேண்டாம். வெல்டிங் செய்யும்போது உண்டாகும் ஓசோன் ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும்.

எல்லாப் பொருளுக்கும் இந்தக் கணக்கு அப்படியே ஓடாது. 6301 பேரிங் எங்களிடம் மோசமான வாரத்தில் 5 போகும். எட்டு நாளைக்குக் கணக்குப் போட்டால் ஏழு வரும். ஆனால் ஒரு சக்கரத்துக்கு இரண்டாகத்தான் மாற்றுகிறோம், அதனால் 8 என்று வைத்தேன். சோடியாகப் போகும் பொருளுக்குச் சோடியாகவே எண்ணுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் ஒற்றை நின்று, இருப்பதுபோல் ஏமாற்றும். புல்வெட்டும் இயந்திரத்தின் கார்ப்புரேட்டர்போல இரண்டு மாதத்துக்கு ஒன்று போகும் பொருளுக்குச் சிவப்புப் பகுதியே தேவையில்லை. ஒன்றை ஆணியில் மாட்டி, அதன் பின்னால் சுவரில் அதன் உருவத்தைச் சிவப்பில் வரைந்துவிடுங்கள். எடுத்தவுடன் சுவரில் சிவப்பு உருவம் நிற்கும்.

தட்டைத் தயார் செய்தல்

டியூப் தட்டின் பின்பலகைக்கும், 24 பெட்டிகள் உட்காரும் அடிப்பலகைக்கும் சிவப்புச் சாயமும் கறுப்புக் கோடும் அடித்தேன். முன்பகுதி வெள்ளை. பின்னால் 24 பெட்டிகளை அடுக்கியதும் சிவப்பு முழுதும் மறைந்துவிடும். அதன் முன்னால் ஒரு பிளாஸ்டிக் அட்டை, தடுப்புப்போல நிற்கும். அட்டைக்கு முன்னால் மற்ற 36.

தம்பிகள் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டே வருவார்கள். ஒரு நாள் கை அந்த அட்டையைத் தொடும். அட்டையை எடுத்தால்தான் அடுத்த டியூபை எடுக்க முடியும். எடுத்தவர் அந்த அட்டையைக் கதவருகே உள்ள முதல் கொக்கியில் மாட்ட வேண்டும். அவர் செய்ய வேண்டிய வேலை இவ்வளவுதான். ஜப்பானிய டொயோட்டா தொழிற்சாலையில் கான்பான் என்ற பெயரில் அட்டையை வைத்து வேலை நடத்தியதும் இதே எண்ணத்தில்தான்: பொருள் தீர்ந்த இடத்திலிருந்தே "இன்னும் வேண்டும்" என்ற செய்தி கிளம்பும்.

அட்டை இருக்கும்போது சிவப்புச் சாயம் எதற்கு என்று என் கணவர் கேட்டார். அட்டை தொலையும், அதனால்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள், வேறு தட்டில் வைத்துவிடுவார்கள். அப்படி நடந்தாலும் இரண்டு மூன்று டியூப் எடுத்ததும் சிவப்பு தெரியத் தொடங்கும். அட்டை முதல் சாட்சி, சாயம் இரண்டாம் சாட்சி.

கதவருகே மூன்று கொக்கிகள் இருக்கின்றன. முதல் கொக்கி "சொல்ல வேண்டும்". செவ்வாய் காலை அதிலுள்ள அட்டைகளைப் பரப்பி ஒரே படமெடுத்துப் புலனத்தில் ஈப்போ கடைக்கு அனுப்புவேன். உடனே அட்டைகள் இரண்டாவது கொக்கிக்குப் போகும், அது "சொல்லியாயிற்று". சொன்ன சாமான் லோரியில் வராமல் போனால் அந்த அட்டை மூன்றாவது கொக்கிக்குப் போகும், அது "வரவில்லை, விசாரி". பொருள் வந்து அடுக்கும்போதுதான் அட்டை தட்டுக்குத் திரும்பும்.

ஆகத் தட்டில் சிவப்பு தெரிந்தால் உடனே கொக்கியைப் பாருங்கள். அந்தப் பொருளின் அட்டை இரண்டாவது கொக்கியில் இருந்தால் பயமில்லை, பொருள் வந்துகொண்டிருக்கிறது. முதல் கொக்கியில் இருந்தால் செவ்வாய்க்குக் காத்திருக்கிறது. எதிலும் இல்லையென்றால் அட்டை தொலைந்துவிட்டது, உடனே புது அட்டை எழுதி முதல் கொக்கியில் மாட்டுங்கள்.

மோசமான வாரம் எப்படிப் போனது

ஒரு சம்பள வாரத்தில் நான் பயந்த சந்தர்ப்பமே வந்தது. செவ்வாய் மத்தியானம் மூன்று மணிக்கு டியூப் அட்டை முதல் கொக்கிக்கு வந்தது. சொல்லும் நேரம் தாண்டிவிட்டது, தட்டில் 24. அன்று மாலை ஒன்று போனது, 23. புதன் மூன்று போய் 20. வியாழன் லோரி வந்தது, ஆனால் அதில் டியூப் இல்லை, 17. வெள்ளி 14, சனி 11. ஞாயிறு விடுமுறை. திங்கள் 8.

திங்கள் மாலை தட்டு பாதிக்கு மேல் சிவப்பாகக் கிடந்தது. என் கணவர் பக்கத்துக் கடையில் கூடுதல் விலை கொடுத்துக் கொஞ்சம் வாங்கிவிடலாமா என்றார். அட்டை கொக்கியில் இருக்கிறது, கணக்கு இன்னும் ஓடுகிறது, பொறுங்கள் என்றேன். செவ்வாய் காலை சொன்னோம், அன்று 5 ஆனது. புதன் 2. வியாழன் காலை ஒன்று போய் ஒன்று மிச்சமிருந்தபோது லோரி வந்து நின்றது. கடைசி ஒன்றுவரை வந்ததைப் பார்த்து நெஞ்சு அடித்துக்கொண்டது உண்மைதான். ஆனால் சிவப்புப் பகுதி இருப்பது இப்படிப்பட்ட வாரத்துக்காகவே. சாதாரண வாரங்களில் பொருள் வரும்போது பத்துப் பக்கம் மிச்சம் இருக்கிறது.

பொருள் வந்ததும் அடுக்கும் முறை

இதில்தான் பெரும்பாலும் முறை உடையும். லோரி வந்த அவசரத்தில் புதுச் சரக்கை முன்னால் தள்ளிவிட்டால் பின்னாலிருக்கும் 24-ம் வருடக்கணக்கில் அப்படியே கிடந்து கெடும். தட்டில் மிச்சமிருப்பதை முதலில் வெளியே எடுங்கள். புதிதில் 24-ஐ எண்ணிப் பின்னால் அடுக்குங்கள். அட்டையை நிறுத்துங்கள். மீதிப் புதியதை அதன் முன்னாலும், பழையதை எல்லாவற்றுக்கும் முன்னாலும் வையுங்கள். எண்ணாமல் கண்ணளவில் அட்டையை நிறுத்தாதீர்கள், பதினெட்டில் நின்றுவிட்டால் மேலே சொன்ன வாரத்தில் திங்கள், செவ்வாய்க்கெல்லாம் தட்டு காலியாகியிருக்கும். எங்கள் அறையில் இந்த அடுக்கும் வேலையை நான் மட்டும்தான் செய்கிறேன். எடுப்பது யார் வேண்டுமானாலும் செய்யலாம், அடுக்குவது ஒரே கையாக இருக்கட்டும்.

லேபல்: யார் படிக்கப்போகிறார்கள்?

எங்கள் இரண்டு தம்பிகளில் ஒருவர் வங்காளதேசத்துக்காரர். அவருக்குத் தமிழும் தெரியாது, மலாயும் பேச்சளவில்தான். ஆனால் எண்கள் எல்லாருக்கும் தெரியும். அதனால் ஒவ்வோர் இடத்துக்கும் எண்ணாலேயே முகவரி வைத்தேன். வாசலிலிருந்து எத்தனையாவது ரேக், கீழிருந்து எத்தனையாவது தட்டு, இடமிருந்து எத்தனையாவது இடம். டியூபின் முகவரி 1-3-2. இந்த எண் தட்டின் விளிம்பிலும், பெட்டியிலும், அட்டையிலும் இருக்கும். அட்டை எங்கே கிடந்தாலும் அதன் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம்.

எண்ணுக்குக் கீழே பெயர். பட்டறையில் வாயில் வரும் பெயரையே எழுதுங்கள், பெட்டியில் அச்சடித்திருக்கும் நீண்ட பெயர் வேண்டாம். அளவு கட்டாயம் வேண்டும். 6201 பேரிங்குக்கும் 6301 பேரிங்குக்கும் நடுத்துளை ஒன்றுதான், 12 மில்லிமீட்டர். ஆனால் வெளிவிட்டம் ஒன்றில் 32, மற்றதில் 37. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் அவசரத்தில் மாறிப் போகும். மாறிப் போனால் ஒன்றில் இல்லாத குறை தெரியும், மற்றதில் இருக்கும் குறை மறையும். இப்படி உருவம் ஒத்த பொருள்களை வேறு வேறு தட்டில் பிரித்து வையுங்கள். லேபலின் பக்கத்தில் கழற்றிப்போட்ட பழைய பேரிங் ஒன்றைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன். கையிலிருப்பதை அதன்மேல் வைத்துப் பார்த்தாலே அளவு தெரிந்துவிடும், படிக்கவே வேண்டாம்.

முகவரி எண் பத்தடி தூரத்திலிருந்து தெரிய வேண்டுமானால் ஓர் அங்குல உயரம் வேண்டும். பெயர் அதில் பாதி போதும், அதை அருகில் வந்தவர்தான் படிக்கப்போகிறார். லேபலை மூடியில் ஒட்டாதீர்கள், மூடி இடம் மாறும். ரேக்கின் விளிம்பில் நிலையாக இருக்கட்டும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் வெறும் காகித லேபல் சில மாதங்களில் ஓரம் சுருண்டு உதிர்ந்துவிடும். ரசீது அச்சடிக்கும் வெப்பத்தாள் இன்னும் மோசம், எண்ணெய் பட்டால் எழுத்து மங்கிவிடும். தடித்த வெள்ளை அட்டையில் மார்க்கர் பேனாவால் எழுதி, இரண்டு பக்கமும் தெளிவான டேப் ஒட்டுங்கள். டேப் அட்டையின் விளிம்பைத் தாண்டி அரை அங்குலம் வெளியே வந்து ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும், அப்போதுதான் ஈரமும் பெட்ரோலும் உள்ளே போகாது. பிறகு பசையை நம்பாமல் துளையிட்டுக் கேபிள் டையால் ரேக்கில் கட்டுங்கள்.

டப்பாக்கள்

மைலோ டின்னும் பிஸ்கட் டின்னும் எல்லாப் பட்டறையிலும் இருக்கும். உள்ளே இருப்பது தெரியாததால் அவற்றை எல்லாம் நான் கழித்துவிட்டேன். பெருநாள் பலகாரம் வரும் தெளிவான பிளாஸ்டிக் போத்தல்கள் போல்ட்டு நட்டுக்கு மிக நல்லது. ஆனால் அவற்றின் மூடி பெரும்பாலும் சிவப்பு. மூடியை எறிந்துவிடுங்கள். ஒன்று, சிவப்புக்கு இருக்கும் அர்த்தம் கெடும். இரண்டு, மூடி இருந்தால் காலிப் போத்தலும் நிறைந்ததுபோல் வரிசையில் நின்றுகொண்டிருக்கும். போல்ட்டுகளை எண்ணி அட்டை வைக்க முடியாது. சிவப்புப் பகுதிக்கான போல்ட்டுகளை ஒரு சின்ன உறையில் போட்டு, வாயை அட்டையோடு சேர்த்துக் கட்டி, போத்தலுக்குள் அடியில் வைத்துவிடுங்கள். உறையைப் பிரிக்க வேண்டி வந்தால் அட்டை கையில் வந்துவிடும்.

ரேக்கின் அடித்தட்டு தரையிலிருந்து ஆறு அங்குலமாவது உயர்ந்திருக்கட்டும். மழைநீர் புகுந்தாலும் கறையான் ஏறினாலும் கண்ணில் படும். டயர், எண்ணெய்ப் பெட்டி போன்ற கனமானவை கீழே. அடிக்கடி போகும் டியூப், பிளக், பிரேக் ஷூ இவையெல்லாம் இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவிலுள்ள தட்டுகளில், வாசலுக்கு நேராக. அங்கே தெரியும் சிவப்புதான் வாசலில் நிற்பவர் கண்ணில் முதலில் படும். அரிதாகப் போவது மேலே.

பெருநாள் காலம்

எட்டு நாள் கணக்கு பெருநாளில் பொய்த்துப்போகும். சீனப் பெருநாளுக்குப் பொது விடுமுறை இரண்டு நாள்தான் என்றாலும் சாமான் கடைகளும் லோரிகளும் ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஓடாது. நோன்புப் பெருநாளிலும் தீபாவளியிலும் ஆள் ஊருக்குப் போகுமுன் மோட்டாரைச் சரிசெய்ய வருவார்கள், அதனால் செலவாவதும் கூடும். ஒரு லோரி தவறும் என்று தெரிந்தால் ஒரு வாரத்துச் செலவைச் சிவப்புப் பகுதியோடு கூட்டுங்கள். டியூபுக்கு 24-உடன் 18 சேர்த்து, 42-ஆவது பெட்டிக்கு முன்னால் அட்டையை நிறுத்துவேன். பெருநாளுக்கு மூன்று வாரம் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். தட்டில் அடங்காத சரக்கை அதே 1-3-2 எண் எழுதிய பெட்டியில் கீழ்த்தட்டில் வைக்கிறேன். சாயத்தை மாற்ற வேண்டியதில்லை, அட்டை மட்டும் முன்னால் நகரும். பெருநாள் முடிந்த முதல் லோரிக்குப் பிறகு அட்டை பழைய இடத்துக்குத் திரும்பும். திரும்பியதா என்று பார்க்க நாள்காட்டியில் இப்போதே குறித்து வையுங்கள், நான் ஒரு வருடம் மறந்து, மே மாதம்வரை தேவையில்லாமல் வாங்கிக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை பத்து நிமிடம்

சனி மாலை பட்டறை மூடுமுன் வாசலில் நின்று பார்ப்பேன். சிவப்பு தெரியும் ஒவ்வோர் இடத்துக்கும் கொக்கியில் அட்டை இருக்கிறதா என்று பொருத்திப் பார்ப்பேன். அட்டை இல்லாத சிவப்பு ஒன்றோ இரண்டோ இருந்தால் பரவாயில்லை. நாலைந்து இருந்தால் தம்பிகளுக்கு அட்டையை மாட்ட ஏதோ இடைஞ்சல் இருக்கிறது என்று பொருள். ஒரு முறை அப்படி ஆனபோது காரணத்தைத் தேடினேன். கதவு உள்பக்கம் திறந்ததும் கொக்கிகள் அதன் பின்னால் மறைந்துவிட்டன. கொக்கிகளைக் கதவின் மறுபக்கச் சுவருக்கு மாற்றினேன், அடுத்த வாரமே சரியாகிவிட்டது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை சிவப்புப் பகுதியின் அளவைச் சரிபார்க்கிறேன். இதற்காக அட்டையின் பின்னால், பொருள் வந்த ஒவ்வொரு முறையும் தட்டில் எத்தனை மிச்சம் இருந்தது என்று எழுதி வைக்கிறேன். சம்பள வாரம் உட்பட எல்லா முறையும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால் பகுதியைச் சிறிதாக்கலாம். இரண்டு முறை மூன்றுக்குக் கீழே போயிருந்தால் பெரிதாக்க வேண்டும். இப்போது டியூப் அட்டையின் பின்னால் கடைசியாக எழுதியிருப்பவை 11, 9, 1, 12. அந்த ஒன்று இன்னொரு முறை வந்தால் 24-ஐ 27 ஆக்கிவிடுவேன், அடிப்பலகையில் இன்னும் ஒரு வரிசைக்குச் சிவப்பு அடிக்க வேண்டியிருக்கும்.